ஐந்தாவது ஆள் நின்ற இடம்: ஒரு குடும்பப் படத்தின் இடைவெளியை மூடிய விதம்

படத்தில் ஏழு பேர். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் முகப்பில், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. இடமிருந்து மூத்த மகள், அப்பா, அம்மா, இளைய மகள், இளைய மருமகன், மகன், மகனின் மனைவி. மூத்த மருமகன்தான் கேமராவைப் பிடித்தவர், அதனால் அவர் இல்லை. அப்பா இப்போது உயிரோடு இல்லை. இளைய மகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது, வழக்கும் முடிந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் இது ஒன்றுதான் என்பதால் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அம்மாவும் இளைய மகளும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல தம்பி. படத்துல மட்டும் வேண்டாம். ஆனா அந்த எடம் காலியாத் தெரியக் கூடாது, யாரோ இருந்து போன மாதிரி."

வேலை முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஆளை அழிப்பது இன்று பெரிய காரியம் இல்லை. வெறும் சுவரையும் தரையையும் வைத்து நிரப்பினால் ஆள் போய்விடுவார். ஆனால் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரியும். மற்றவர்கள் தோள் உரச நிற்கும் வரிசையில் அந்த ஓட்டையைப் பார்க்கிற எவரும் "இங்க யாரு நின்னது?" என்றுதான் கேட்பார்கள். 1937-இல் மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு எடுத்த படத்திலிருந்து, அவருடைய ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெஷோவை நீக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. யெஷோவ் வரிசையின் ஓரத்தில் நின்றார், அந்த இடத்தில் கால்வாய்த் தண்ணீரை வரைந்துவிட்டார்கள், முடிந்தது. ஓரத்து ஆள் போனால் ஓட்டை விழாது, படத்தின் விளிம்பு கொஞ்சம் தாராளமாகத் தெரியும், அவ்வளவுதான். அதையே இங்கும் பயன்படுத்திக்கொள்ள நினைத்தேன். ஆறாவது ஆளையும் ஏழாவது ஆளையும் இடப்பக்கம் தள்ளினால் நடுவில் இருந்த வெற்றிடம் வலது ஓரத்துக்குப் போய்விடும். ஓரத்தில் இருப்பதை வெட்டி எறியலாம்.

அளவுகள்

படம் 6000×4000 பிக்சல், ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 மிமீ லென்ஸ். முகப்பில் பின்னால் போக இடம் இல்லாமல் வைட் லென்ஸ் போட்டிருக்கிறார்கள். ஆட்கள் நிற்கும் தூரத்தில் 12 பிக்சல் ஒரு செ.மீ.க்குச் சமம். இதைத் தரையின் டைலிலிருந்து எடுத்தேன்: இரண்டடி டைல், அதாவது 60 செ.மீ., கால்கள் இருக்கும் கோட்டில் 720 பிக்சல் அகலம் வந்தது. பக்கத்துப் பக்கத்து ஆட்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 660 பிக்சல் அளவில் இடைவெளி. ஆகவே ஐந்தாமவரை எடுத்ததும் நான்காமவருக்கும் ஆறாமவருக்கும் நடுவே 1320 ஆகிவிடுகிறது.

இடது பக்கம் கம்பி போட்ட ஜன்னல், மூத்த மகளுக்கும் அப்பாவுக்கும் பின்னால். வலது பக்கம் வெறும் சுண்ணாம்புச் சுவர், ஓரத்தில் உருண்டையான ஒரு மரத்தூண். தரை பளபளக்கும் விட்ரிஃபைடு டைல். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது.

இந்த நாலு தகவலும் சேர்ந்துதான் யாரை நகர்த்துவது என்பதை முடிவு செய்கிறது. இடப்பக்கம் நாலு பேர், அவர்களுக்கு இடையே ஜன்னல் கம்பிகள். அவர்களைத் தொட்டால் கம்பி ஒவ்வொன்றையும் திரும்ப வரைய வேண்டும். வலப்பக்கம் இரண்டே பேர், பின்னால் வெறும் சுவர். இரண்டு பக்கத்தையும் பாதிப் பாதி நகர்த்தினால் அப்பா அம்மா நடுவில் இருப்பார்களே என்று தோன்றும். அதற்காக ஆறு பேரையும் அறுத்தெடுக்கும் அளவுக்கு இங்கே லாபம் இல்லை.

சுருக்கிப் பார்த்தால்

ஆட்களை அறுக்காமல் படத்தையே அகலத்தில் சுருக்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. போட்டோஷாப்பில் Edit > Content-Aware Scale அதற்கென்றே இருக்கிறது. 2007-இல் ஷாய் அவிடானும் ஏரியல் ஷமீரும் வெளியிட்ட முறையின் வழி வந்தது. படத்தின் மேலிருந்து கீழ் வரை, விவரம் குறைவாக உள்ள பிக்சல்கள் வழியே நெளிந்து போகும் ஒரு கோட்டைக் கண்டுபிடித்து அதை உருவி எடுக்கும். பிறகு அடுத்த கோடு. ஆட்களை ஆல்ஃபா சானலில் குறித்து Protect-இல் அதைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் மேல் கை வைக்காது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இங்கே ஏன் ஒத்துவராது என்பது புரியும். உருவ வேண்டியது சுமார் 740 பிக்சல். 6000-இல் 740 என்பது 12 சதவீதம்தான், சின்னதாகத் தெரியும். ஆனால் ஆட்களைத் தொடக் கூடாது. கோடுகள் போகக்கூடிய இடம் இடது ஓரம் 770, வலது ஓரம் 770, நடு ஓட்டை 820, ஆக 2360 மட்டுமே. அதில் 740 போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நடு ஓட்டையிலேயே முழுவதையும் உருவட்டும் என்றாலும் அது கேட்காது. எங்கே விவரம் குறைவோ அங்கே போகும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைத் தின்னும், தூணைக் கொஞ்சம் ஒல்லியாக்கும். தரையில் டைல் கோடுகளைக் குறுக்கே கடக்கும் இடமெல்லாம் கோடு பல் பல்லாக உடையும். சோதித்துப் பார்த்ததில் அப்படியே ஆனது: ஜன்னலின் நேர்க் கம்பி ஒன்று இடுப்பில் வளைந்தது, டைல் கோடு படிக்கட்டு போட்டது.

பின்னால் கடல், வானம், புல்வெளி, மடிப்பில்லாத துணித் திரை என்றால் இதே கட்டளை நன்றாக வேலை செய்யும். கடற்கரையில் தள்ளித் தள்ளி நிற்கும் நாலு பேர் படத்தில் நான் இதைத்தான் முதலில் போடுவேன். நேர்கோடு உள்ள பின்னணியில் போட மாட்டேன்.

தரை ஏன் நகரக் கூடாது

அடுத்த சுலப வழி, ஆறாமவர் ஏழாமவர் நிற்கும் பகுதியைச் சுவர், தரை, தூண் எல்லாவற்றோடும் ஒரே துண்டாக வெட்டி இடப்பக்கம் தள்ளுவது. ஒட்டுப்போட்ட இடம் இளைய மகளின் உடல் ஓரமாகவே போவதால் பெரும்பகுதி மறைந்துவிடும். சுவருக்கு இது சரி. தரை மாட்டிக்கொள்ளும்.

சரியாக ஒரு டைல் அகலம், 720 பிக்சல் தள்ளினால் கோடுகள் பொருந்துமே என்று ஒரு யோசனை வரும். கால்கள் நிற்கும் கோட்டில் பொருந்தும், அங்கே மட்டும்தான். நம்மை நோக்கி வரும் டைல் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, நம் பக்கம் வர வர விரிகின்றன. கால் கோட்டில் 720 அகலமான டைல் படத்தின் கீழ் விளிம்பில் 920-க்கு மேல். ஓரத்தில் உள்ள கோடு அதிகம் சாய்ந்திருக்கும், நடுவுக்குப் பக்கத்தில் உள்ளது நிமிர்ந்திருக்கும். ஓரத்துச் சாய்வை நடுவில் கொண்டுவந்து வைத்தால் காலடியில் பொருந்திய கோடு கீழ் விளிம்புக்கு வரும்போது 200 பிக்சல் விலகி நிற்கும். படம் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, தரை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

ஆகவே பின்னணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஆட்கள் மட்டும் அதன் மேல் நகரட்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் ஐந்து, ஆறு, ஏழு மூவரும் இல்லாத வெறும் பின்னணி ஒன்று தயாராக வேண்டும். சுவர் எளிது. தரைக்கு Filter > Vanishing Point. டைல் கோடுகளின் மேல் நாலு முனை வைத்துக் கட்டம் போட்டுவிட்டால், அதற்குள் Stamp எடுத்து க்ளோன் செய்யும்போது டைல் தூரத்துக்கு ஏற்றபடி தானே சிறுத்துக்கொள்ளும். முழுத் தரையையும் அழகாகச் செய்யத் தேவையில்லை. பெரும்பகுதி திரும்ப ஆட்களால் மூடப்படும் அல்லது வெட்டப்படும். நகர்ந்து நிற்பவர்களின் காலுக்கு நடுவிலும் முன்னாலும் தெரியும் துண்டுகள்தான் சுத்தமாக இருக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது

இயல்பான இடைவெளி 660 என்றால் 660 தள்ளுவதுதானே? நான் 740 தள்ளினேன். காரணம் ஒரு கை.

இளைய மருமகனின் இடது கை மச்சானின் தோள்மேல் கிடந்தது. விரல்கள் வெள்ளைச் சட்டையின் தோளில். ஆளை எடுத்தால் அந்தத் தோளைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆனால் 80 பிக்சல் கூடுதலாகத் தள்ளி, மகனின் லேயரை இளைய மகளின் லேயருக்குக் கீழே வைத்தால் அக்காவின் தோளுக்குப் பின்னால் தம்பியின் தோள் பாதி ஒளிந்துகொள்ளும். தம்பி அக்காவுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி நிற்பது பார்வைக்கும் இயல்பு. மற்ற இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாதபோது இது மட்டும் 580 ஆக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அளவுநாடா வைத்ததுபோல் சமமாக நிற்கும் வரிசைதான் உறுத்தும்.

மிச்சம் தெரிந்த இரண்டு விரல்களுக்கு மகனின் மற்றத் தோளிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து Flip Horizontal செய்து பொருத்தினேன். இரண்டு தோளுக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. வலப்பக்கத்தது சற்று வெளுப்பு, அதனால் Curves கொண்டு கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. விரல்களை அழித்த பிறகும் துணியில் ஒரு தடயம் மிஞ்சும். கை அழுத்திய இடத்தை நோக்கிச் சட்டை மடிப்புகள் இழுபட்டு ஓடும். கை போனபின் அவை ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். தோளிலிருந்து நெஞ்சு வரை அப்படி ஓடிய மூன்று மடிப்புகளையும் Healing Brush-ஆல் மங்கலாக்கினேன்.

உண்மையில் அதிக நேரம் தின்றது இந்தத் தோள் இல்லை, இளைய மகளின் தலைமுடி. அவர் கணவரைவிடக் குட்டை. காதோர முடி கணவரின் நீலச் சட்டைக்கு முன்னால் பறந்திருந்தது. முடியிழைகளுக்கு நடுவே நீலம் கலந்திருக்கும். இப்போது அதே முடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை வருகிறது. Select and Mask-இல் Decontaminate Colors போட்டும் ஒரு நீல விளிம்பு நின்றது. இந்த மாதிரி இடத்தில் பறக்கும் இழைகளைக் காப்பாற்றப் பார்ப்பது வீண். முடியின் கெட்டியான விளிம்பு வரை மாஸ்க்கை உள்ளே கொண்டுபோய் வெட்டிவிட்டு, பக்கத்து முடியின் நிறத்தை எடுத்து 2, 3 பிக்சல் பிரஷ்ஷால் சில இழைகளைக் கையால் இழுத்தேன். சேலையின் கரைக்கும் அப்படியே, விளிம்பை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளினேன்.

மகனின் மனைவி விஷயம் நேர் எதிர். அவர் தலையில் மல்லிகைச் சரம், நூல் நூலாக முடி. ஆனால் முன்பும் பின்னால் சுவர், இப்போதும் அதே சுவர். அதனால் முடியை ஒட்டி அறுக்கவே இல்லை. சுற்றிலும் கொஞ்சம் சுவரையும் சேர்த்தே எடுத்து விளிம்பை 40 பிக்சல் ஃபெதர் செய்தேன். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருவதால் அவர் நின்ற இடத்துச் சுவர், புதிய இடத்துச் சுவரைவிட வெளுப்பு. தலையைச் சுற்றி ஒளிவட்டம்போல் தெரிந்தது. அந்த லேயருக்கு மட்டும் ஒரு Curves போட்டு, மாஸ்க்கில் சுவர்ப் பகுதியை மட்டும் தீட்டி இறக்கியதும் கலந்துவிட்டது.

ஓரத்து ஆள் குண்டாகத் தெரிவது

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் தலையும் உடலும் பக்கவாட்டில் விரியும். அவர் ஓரத்திலேயே இருக்கும்வரை கண் அதை ஏற்றுக்கொள்ளும். உள்ளே நகர்த்தினால் "இவங்க ஏன் இவ்ளோ குண்டா இருக்காங்க?" என்று வீட்டுக்காரர்களே கேட்பார்கள்.

எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் கணக்கிடலாம். 24 மிமீ லென்ஸ், 36 மிமீ அகலச் சென்சார், 6000 பிக்சல் என்றால் லென்ஸின் குவியத் தூரம் பிக்சலில் 4000. ஒருவர் படத்தின் நடுவிலிருந்து x பிக்சல் தள்ளி நின்றால் விரிவு இப்படி:

```
விரிவு = √(1 + (x/4000)²)
x = 1980 → 1.116
x = 1240 → 1.047
1.047 / 1.116 = 0.938
```

ஏழாமவர் நடுவிலிருந்து 1980-இல் நின்றார், 740 தள்ளியதும் 1240. ஆகவே அவருடைய லேயரை அகலத்தில் மட்டும் 93.8 சதவீதமாகக் குறைத்தேன். உயரத்தைத் தொடவில்லை. ஆறாமவருக்கு இதே கணக்கில் 96 வந்தது. 24 மிமீ என்பதால்தான் இந்தப் பாடு. நீண்ட லென்ஸில் பின்னால் போய் எடுத்த படம் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். கணக்கு செய்யும் முன் ஒரு எச்சரிக்கை: படம் ஏற்கெனவே கிராப் செய்யப்பட்டதாக இருந்தால் அதன் நடுப்புள்ளி லென்ஸின் நடுப்புள்ளி அல்ல. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை வாங்கிக்கொள்வது நல்லது.

தூணும் தரையும்

வெற்றிடம் ஓரத்துக்குப் போய்விட்டது, வெட்டிவிடலாம் என்று காட்டியபோது அம்மா, "அந்தத் தூணு இருக்கட்டும் தம்பி, வீடு இப்ப எங்க கையில இல்ல" என்றார். ஓரத்தில் 740 வெட்டினால் தூண் போய்விடும். வெட்டாவிட்டால் வலப்பக்கம் மட்டும் பெரிய காலிச் சுவர்.

நடுவில் உள்ள சுவரைச் சுருக்கத் தேவையே வரவில்லை. தூணையும் ஒரு லேயராக எடுத்து அதே 740 இடப்பக்கம் தள்ளினேன். அது சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டது, சுவர் தானாகக் குறைந்தது. தூண் உருண்டை என்பதால் பிழைத்தேன். சதுரத் தூணாக இருந்திருந்தால் ஓரத்தில் இருக்கும்போது தெரியும் அதன் பக்க முகம், உள்ளே வந்ததும் அதே அளவு தெரியக் கூடாது. அதை வெட்டிச் சிறுக்க வேண்டியிருக்கும். உருண்டைக்கு அகலத்தை 92 சதவீதமாக்கினால் போதும்.

பளபளக்கும் தரையில் ஆட்களுடைய நிறம் மங்கலாகப் பிரதிபலிக்கும். ஐந்தாமவர் போன பிறகும் அவருடைய நீலம் டைலில் ஒரு பூச்சாக நின்றது. தரையைத் திரும்பக் கட்டியிருந்ததால் பெரும்பாலும் போயிருந்தது, முன்பக்கத்து டைல் ஒன்றில் மட்டும் மிச்சம். மென்மையான பிரஷ்ஷில் Color முறையில் டைலின் நிறத்தை எடுத்துத் தடவியதும் மறைந்தது. நகர்ந்த இருவருக்கும் புதிய பிரதிபலிப்பு வேண்டும். வேட்டியின் கீழ்ப்பகுதியையும் சேலையின் கீழ்ப்பகுதியையும் தலைகீழாகத் திருப்பி, மேல்கீழாக மங்கலாக்கி, 15 சதவீத அடர்த்தியில் காலடியில் வைத்தேன். பழைய இடத்திலிருந்து நிழலை வெட்டிக் கொண்டுவரக் கூடாது, அதற்குள் அந்த இடத்து டைல் கோடும் சேர்ந்து வரும். Multiply லேயரில் பாதத்துக்கு நேர் கீழே மெல்லிய அடர்ந்த கோடு, அதைச் சுற்றி அகலமான மங்கல், இரண்டும் கையால் தீட்டியவை. இது இல்லாவிட்டால் ஆட்கள் தரைக்கு மேல் மிதப்பார்கள்.

ஒரு நிழலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். வலப்பக்க வெளிச்சத்தை ஐந்தாமவர் மறைத்ததால் இளைய மகளின் கையில் ஓர் இருட்டு இருந்தது. அது அவருடைய நிழல்தான். ஆனால் இப்போது அந்த இடத்தில் தம்பி நிற்கிறார், அவரும் அதே வெளிச்சத்தைத்தான் மறைப்பார். அழித்திருந்தால்தான் தப்பாகியிருக்கும்.

சரிபார்த்தது

எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் வைத்து அதைச் செங்குத்தாக முறுக்கினால் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுகள் மேகம்போல் எழும்பும். தூணுக்கு இடப்பக்கம் அப்படி ஒன்று வந்தது, சரிசெய்தேன். க்ளோன் செய்த சுவர் மற்றச் சுவரைவிட வழவழப்பாக இருந்ததால் அங்கே மட்டும் Add Noise சிறிது சேர்த்தேன். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பி, பெருவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தேன். திருப்பிய படத்தில் தெரிந்த முகங்கள் அந்நியமாகிவிடும், இடைவெளிகள் மட்டும் கண்ணில் படும்.

முடிவில் வலது ஓரத்தில் மிஞ்சிய 740-ஐ வெட்டியதும் படம் 5260 பிக்சல் அகலம். மேலே வெறும் சுவரில் 493 பிக்சல் வெட்டி 5260×3507 ஆக்கினேன், 12×18 அங்குலச் சட்டத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அங்குலத்துக்கு 292 பிக்சல், அச்சுக்குப் போதும். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாகவும், திருத்தியதற்குப் பெயரிலேயே "திருத்தியது" என்று சேர்த்தும் இரண்டையும் பென் டிரைவில் கொடுத்தேன். அம்மா அச்சைக் கையில் வாங்கியதும் முதலில் தூணைத்தான் தேடினார்.